முகம் தெரியாதவர் அனுப்பும் துண்டுகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கணினிப் பாதுகாப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, "டொரண்ட் வழியே வரும் கோப்பை முகம் தெரியாதவர்கள் அனுப்புகிறார்கள், அதனால் நடுவில் யார் வேண்டுமானாலும் எதையும் நுழைத்துவிடலாம்" என்கிறது. டொரண்டில் ஒரே கோப்பின் துண்டுகளைப் பயனர்களே ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வதால், முகம் தெரியாதவர்கள் அனுப்புகிறார்கள் என்பது உண்மை. நடுவில் நுழைக்கலாம் என்பதுதான் தவறு.

டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீடு ஒன்றின் ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பு 4 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். டொரண்ட் தயாரிப்பவர் அதை 256 கேபி துண்டுகளாகப் பிரித்தால் 16,384 துண்டுகள் வரும். ஒவ்வொரு துண்டுக்கும் எஸ்ஹெச்ஏ-1 முறையில் ஹேஷ் என்ற 20 பைட் கைரேகையைக் கணக்கிட்டு, எல்லாவற்றையும் வரிசையாக டொரண்ட் கோப்பில் எழுதிவிடுவார்கள். மொத்தம் 320 கேபி. நாம் முதலில் இறக்கும் அந்தச் சின்னக் கோப்பில் மென்பொருள் எதுவும் இல்லை. 16,384 கைரேகைகள் இருக்கின்றன, அவ்வளவுதான்.

பிறகு துண்டுகள் பலரிடமிருந்து வருகின்றன. ஒரு துண்டு முழுமையானதும் நம் கணினியே அதன் ஹேஷைக் கணக்கிட்டு டொரண்டில் உள்ளதோடு ஒப்பிடும். ஒரு பிட் மாறியிருந்தாலும் துண்டு குப்பைக்குப் போகும். அந்த 256 கேபி மட்டும் மறுபடி கேட்கப்படும். கெட்டதை அனுப்பியவர் யார் என்பது உடனே தெரியாது. ஒரு துண்டை 16 கேபி அளவுள்ள 16 பகுதிகளாகக் கேட்பதால், அது பலர் கைவழி வந்திருக்கலாம். கெட்ட துண்டுகளில் திரும்பத் திரும்பப் பங்கு வகிப்பவரை டொரண்ட் நிரல்கள் ஒதுக்கிவிடும்.

இந்தச் சரிபார்ப்பால் ஒரு பக்கப் பயனும் உண்டு. பலர் இதைப் பயன்படுத்துவதில்லை. உலாவியில் நேரடியாக இறக்கிய ஐஎஸ்ஓ பாதியில் நின்றுவிட்டதா? அதே வெளியீட்டின் டொரண்டைத் திறந்து உடனே நிறுத்தி வையுங்கள். பாதிக் கோப்பை, டொரண்டில் உள்ள அதே பெயரில், அது சேமிக்கப்படும் கோப்புறையில் போடுங்கள். பிறகு மறுசரிபார்ப்பு கொடுங்கள். சரியான துண்டுகளை ஏற்றுக்கொண்டு மீதியை மட்டும் இறக்கும். நடுவில் சில பைட்கள் கெட்டிருந்தாலும் இது பலிக்கும். ஆனால் நடுவில் ஒரு பைட் விடுபட்டிருந்தால், அதற்குப் பின் உள்ளவை எல்லாம் ஓரிடம் நகர்ந்து, ஒன்றுகூடப் பொருந்தாது. சரிபார்ப்பு ஓரிடம் வரை நன்றாகப் போய், அதன் பின் எல்லாமே தவறு என்று காட்டினால் காரணம் இதுவாக இருக்கலாம்.

பழைய வெளியீடுகள் 99 சதவீதத்தில் நிற்பது வேறு சிக்கல். முழுக் கோப்பையும் வைத்துப் பகிரும் 'சீடர்' ஒருவரும் இல்லை, இருப்பவர்கள் எல்லாரிடமும் அதே துண்டு குறைகிறது. நிரலில் 'அவைலபிலிட்டி' எண் 1க்குக் கீழே இருந்தால் காத்திருந்து பயனில்லை, முழுக் கோப்பு உள்ள யாராவது வந்தாலொழிய.

கட்டுரையாளர் உண்மையில் எச்சரித்திருக்க வேண்டிய இடம் வேறு. டொரண்ட் கோப்பே போலியாக இருந்தால், இத்தனை சரிபார்ப்பும் அந்தப் போலியை ஒரு பிட்கூட மாறாமல் கொண்டுவந்து சேர்க்கும்! 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்தில் ஊடுருவியவர்கள், 17.3 சின்னமன் பதிப்பின் இறக்க இணைப்பைப் பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்குத் திருப்பினார்கள். டொரண்ட் வழி இறக்கியவர்களுக்குப் பாதிப்பில்லை என்று மின்ட் குழு அறிவித்தது. டொரண்ட் இணைப்பையும் மாற்றியிருந்தால் அவர்களும் சிக்கியிருப்பார்கள். ஆகவே டொரண்ட் கோப்பைத் திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்தே எடுக்க வேண்டும். அதோடு கையொப்பத்தையும் பார்க்க வேண்டும். டெபியன் என்றால், அதன் கையொப்பச் சாவியை முதலில் சேர்த்துக்கொண்டு, அதன் தளத்தில் உள்ள SHA256SUMS, SHA256SUMS.sign கோப்புகளை ஐஎஸ்ஓ இருக்கும் கோப்புறையில் இறக்கி, அங்கே இந்த இரண்டு கட்டளைகளையும் கொடுக்கலாம்:

```
gpg --verify SHA256SUMS.sign SHA256SUMS
sha256sum --ignore-missing -c SHA256SUMS
```

முதல் கட்டளை, SHA256SUMS என்ற ஹேஷ் பட்டியல் அந்தச் சாவியால் கையொப்பமிடப்பட்டதா என்று சொல்லும். இரண்டாவது, ஐஎஸ்ஓ அந்தப் பட்டியலோடு பொருந்துகிறதா என்று பார்க்கும். முதல் கட்டளையின்போது, சாவி நம்பகமானதாகச் சான்றளிக்கப்படவில்லை என்ற எச்சரிக்கையும் வரலாம். அது பட்டியலில் கோளாறு என்று பொருளல்ல. சாவியை நீங்கள் இன்னும் உறுதிசெய்யவில்லை என்றே பொருள். சாவியின் கைரேகையை டெபியன் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கைரேகை பொருந்தாவிட்டாலோ `BAD signature` என்று வந்தாலோ அந்தப் பட்டியலை நம்பி இரண்டாவது கட்டளைக்குப் போகாதீர்கள்.

இப்படிக்கு,
வலையமைப்புத் துறை வாசகர் ஒருவர்