100×75 ஆங்கிளுக்கு Ix மட்டும் போதாது: ஷெட் டிராயிங் போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் ஷெட்டுக்கும் மெஷின் ஸ்டாண்டுக்கும் டிராயிங் போட்டுக் கொடுக்கும் நண்பர்களுக்கு வணக்கம். நானும் உங்களில் ஒருவன்தான், இது நான் செய்த தப்பு.

காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு மாங்கூழ் ஷெட்டில் பைப் லைனைத் தொங்கவிட, தூணிலிருந்து 1.5 மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒற்றை ஆங்கிள் ஒன்றைக் கொடுத்திருந்தேன். 100×75×10, நீளக் கால் மேலே நிற்க, குட்டைக் கால் அடியில் வலப்பக்கம் பார்க்க. நுனியில் 200 கிலோ, அதாவது ஏறக்குறைய 2 kN. ஸ்டீல் டேபிளில் Ix பார்த்து, PL³/3EI போட்டேன், 7 மி.மீ. தொய்வு வந்தது, சரி என்று விட்டுவிட்டேன். லோடு ஏற்றிய அன்று வெல்டர் அண்ணன் போன் பண்ணி, "சார், இது கீழ மட்டும் எறங்கல, பக்கவாட்டுலயும் போகுது" என்றார். போய்த் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால், நுனி இடப்பக்கம் 9 மி.மீ. கிட்ட நகர்ந்திருந்தது, கீழே 10 மி.மீ. இறங்கியிருந்தது. வெல்டிங் சரியில்லை என்று அவரையே சந்தேகப்பட்டு வெட்டி எடுத்து மறுபடி அடிக்க வைத்தேன். மறுபடியும் அதே 9 மி.மீ.! லோடை இறக்கினால் நுனி பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. வெல்டு விட்டிருந்தால் அப்படி முழுசாகத் திரும்பாது. அப்புறம் குட்டைக் காலை இடப்பக்கம் திருப்பி வைத்தோம், உடனே வலப்பக்கம் போனது. அப்போதுதான் உறைத்தது, தப்பு கணக்கில் இருக்கிறது என்று.

விஷயம் ப்ராடக்ட் ஆஃப் இனர்ஷியா, Ixy, அதாவது செக்‌ஷன் x, y அச்சுகளுக்குச் சமச்சீராக இல்லாததால் வரும் எண். உள்வளைவை விட்டுவிட்டு ஆங்கிளை இரண்டு செவ்வகமாகப் பிரியுங்கள்: நிற்பது 10×100, படுத்திருப்பது 65×10. மொத்தப் பரப்பு 16.5 செ.மீ.². சென்ட்ராய்டு முதுகிலிருந்து 19.8 மி.மீ., அடியிலிருந்து 32.3 மி.மீ. நிற்கும் துண்டின் மையம் அதற்கு இடப்பக்கம் 14.8, மேலே 17.7, படுத்த துண்டின் மையம் வலப்பக்கம் 22.7, கீழே 27.3. தனித்தனியாக எடுத்தால் செவ்வகம் சமச்சீரானது, அதன் சொந்த Ixy பூஜ்யம். அதனால் பரப்பையும் இந்தத் தூரங்களையும் பெருக்கிக் கூட்டினால் போதும், ஆனால் குறியை விட்டுவிடாதீர்கள். இரண்டு துண்டுமே மைனஸ், ஒன்றையொன்று அடித்துக்கொள்ளவே இல்லை:

```
Ix  = 163.6 cm⁴
Iy  =  79.1 cm⁴
Ixy = -66.5 cm⁴
tan 2θ = -2Ixy/(Ix - Iy) = 1.573,  θ = 28.8°
Imax = 200.2 cm⁴,  Imin = 42.6 cm⁴
```

இமாக்ஸும் இமின்னும் சேர்ந்தால் Ix + Iy வர வேண்டும், வரவில்லை என்றால் எங்கோ குறி தப்பியிருக்கிறது. இந்த ஆங்கிளின் பிரின்சிபல் ஆக்சிஸ், அதாவது Ixy பூஜ்யமாகிவிடும் அச்சு, கிடைமட்டத்திலிருந்து 28.8 டிகிரி சாய்ந்து கிடக்கிறது. ஈக்வல் ஆங்கிளுக்கு 45 என்று எல்லோருக்கும் மனப்பாடம், இதற்கு அப்படி ஒரு எண் கிடையாது, சைஸுக்குச் சைஸ் மாறும். செங்குத்து லோடு இந்தச் சாய்ந்த அச்சுகளில் இரண்டாகப் பிரிகிறது. பலவீனமான பக்கத்துக்குப் போகும் பங்கு சின்னதுதான், ஆனால் அங்கே வெறும் 42.6 இருப்பதால் வளைவு அதிகம். விளைவு, பக்கவாட்டு நகர்வு கீழ்த் தொய்வில் Ixy/Iy மடங்கு, 66.5/79.1 = 0.84. கீழ்த் தொய்வும் Ix கணக்கைவிட 1.52 மடங்கு: 7 என்று நான் எழுதியது உண்மையில் 10.4. பக்கவாட்டில் 8.8. தூக்குக்குண்டு சொன்னதும் இதையேதான்.

ஒன்று கவனியுங்கள், இதெல்லாம் லோடு இரண்டு கால்களும் சேரும் மூலைக்கு நேராக இறங்கும்போதுதான். எங்கள் தொங்கு ராடு நிற்கும் காலை ஒட்டியே இருந்ததால் தப்பித்தோம், குட்டைக் காலின் நுனியில் மாட்டியிருந்தால் முறுக்கும் சேர்ந்திருக்கும்.

"பர்லினாக ஆங்கிள் போட்டு வருஷக்கணக்காக நிற்கிறதே" என்று கேட்பீர்கள். நிற்கும், ஏனென்றால் ஷீட்டு அதைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்கிறது. பக்கம் நகர விடாவிட்டால் Ix சூத்திரம் அப்படியே செல்லும். ஆனால் அந்தப் பிடிப்பு சும்மா வராது, லோடில் Ixy/Ix பங்கை, இங்கே 0.41, அது தாங்க வேண்டும். என் பிராக்கெட்டின் நுனிக்குப் பக்கவாட்டுக் கம்பி கொடுத்திருந்தால் அதன் மேல் 80 கிலோ கிட்ட விழுந்திருக்கும். நான் கம்பி கொடுக்கவில்லை, இன்னொரு ஆங்கிளை முதுகோடு முதுகாக வைத்து இடையிடையே தைத்தேன். இரண்டின் Ixy-யும் எதிரெதிர் குறி, கூட்டினால் பூஜ்யம். மறுபடி லோடு ஏற்றியபோது தூக்குக்குண்டு நகரவில்லை. இரண்டாவது தடவை அடித்த வெல்டிங்குக்கான கூலியை அண்ணனிடம் கொடுத்துவிட்டு, தப்பு என்னுடையது என்றும் சொல்லிவிட்டேன்.