எரிபொருள் நிலையத்தில் பிடித்துவைக்கப்படும் தொகை: அட்டை வழங்கும் வங்கிகளுக்கு ஒரு திறந்த மடல்

அட்டை வழங்கும் வங்கிகளின் பரிவர்த்தனைப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். அட்டைப் பரிவர்த்தனைகளின் கணக்கைச் சரிபார்க்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்த அனுபவத்திலிருந்து இம்மடலை எழுதுகிறேன். எங்களிடம் வந்த புகார்களில் ஒன்று எப்போதும் ஒரே வடிவில் வரும்: "நான் எரிபொருள் போட்டது 1,840-க்கு. என் கணக்கில் 5,000 எடுத்திருக்கிறீர்கள்." இரண்டு நாள் கழித்து அதே வாடிக்கையாளர் மறுபடியும் அழைப்பார். இப்போது 1,840 என்று காட்டுகிறது, அன்று காட்டிய 5,000 என்னவாயிற்று என்று கேட்பார். யாரும் அவரை ஏமாற்றவில்லை. ஆனால் நடந்தது என்ன என்பதை அவருக்கு யாரும் சொல்லவும் இல்லை.

தானே நிரப்பிக்கொள்ளும் பம்பில் அட்டையைச் செருகும் நொடியில், வண்டியில் எவ்வளவு எரிபொருள் ஏறப்போகிறது என்பது பம்புக்குத் தெரியாது. நிரப்பிய பிறகு பணம் போதவில்லை என்றால், தொட்டிக்குள் போனதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. எனவே நிலையம் முதலில் ஓர் உச்சத் தொகையைக் குறிப்பிட்டு, இந்த அட்டை இவ்வளவு தாங்குமா என்று உங்களிடம் கேட்கிறது. நீங்கள் ஓர் ஒப்புதல் எண்ணைத் தந்து, அந்தத் தொகையை வாடிக்கையாளர் வேறெங்கும் செலவழிக்க முடியாதபடி ஒதுக்கிவைக்கிறீர்கள். இந்தக் கட்டத்தில் கணக்கிலிருந்து ஒரு காசும் வெளியே போவதில்லை. பணம் கேட்டு நிலையம் அனுப்பும் உண்மையான பற்றுச்செய்தி, பெரும்பாலும் அன்றைய விற்பனை முழுவதையும் திரட்டி அனுப்பும் தொகுப்பில் பிறகுதான் வருகிறது. அதில் இருப்பது நிரப்பிய எரிபொருளின் சரியான விலை. ஆக, முதலில் வந்தது அனுமதி கேட்டு. அடுத்து வந்தது பணம் கேட்டு. இரண்டும் வெவ்வேறு செய்திகள். செயலியில் மட்டும் இரண்டும் ஒரே பரிவர்த்தனை போலத் தோன்றுகின்றன.

சில நிலையங்கள் உச்சத் தொகைக்குப் பதிலாக, அட்டை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வெறும் 1 என்ற தொகைக்கு அனுமதி கேட்கின்றன. அப்போது குழப்பம் தலைகீழாக வரும். 1 என்று காட்டிய வரி பிறகு 1,840 ஆகப் பதிவாகும். இடையில் அந்தப் பணத்தை வேறெதற்காவது செலவழித்துவிட்டவருக்குக் கணக்கு இருப்பு போதாமல் போகும்.

ஒருவரின் கணக்கை எடுத்துப் பார்ப்போம். நாணயம் எதுவாகவும் இருக்கட்டும். பற்று அட்டையோடு இணைந்த கணக்கில் 6,000 இருக்கிறது. பம்ப் 5,000-க்கு அனுமதி கேட்கிறது; நீங்கள் தருகிறீர்கள். கணக்கு இருப்பு 6,000 ஆகவே இருக்கிறது, ஆனால் பயன்படுத்தக்கூடிய இருப்பு 1,000 ஆகிவிடுகிறது. அவர் 1,840-க்கு நிரப்பிவிட்டுக் கிளம்புகிறார். குழாயை மாட்டியதும் பம்ப், "முடிந்தது, தொகை 1,840" என்று ஒரு நிறைவுச் செய்தி அனுப்புகிறது. அதை மதிக்கும் வங்கி உடனே ஒதுக்கீட்டை 1,840 ஆகக் குறைக்கிறது. பயன்படுத்தக்கூடிய இருப்பு 4,160 ஆகிறது. வாடிக்கையாளர் எதையும் உணர்வதே இல்லை. அந்தச் செய்தி வராவிட்டாலோ, வந்தும் வங்கியின் கணினி அதைப் பொருட்படுத்தாவிட்டாலோ, பற்றுச்செய்தி வந்து சேரும் வரை அவர் கையில் 1,000 மட்டுமே. அன்று மாலை 2,500 தவணை தானாகக் கழியவேண்டியிருந்தால் அது திரும்பிப் போகும், அதற்கு அபராதமும் விழும். கடன் அட்டைக்காரருக்கு இதே நிகழ்வில் வரம்பு மட்டும்தான் சுருங்கும். பற்று அட்டைக்காரருக்குச் சுருங்குவது அவருடைய சம்பளம்.

இதைவிட மோசமான நிலை ஒன்று உண்டு. பற்றுச்செய்தி வருகிறது, 1,840 கழிகிறது, கணக்கு இருப்பு 4,160 ஆகிறது. ஆனால் இது அந்த 5,000 அனுமதிக்கு உரியது என்று உங்கள் கணினி அடையாளம் காணவில்லை. ஒதுக்கீடு அப்படியே நிற்கிறது. 4,160-இல் 5,000 போக, பயன்படுத்தக்கூடிய இருப்பு கழித்தல் 840 என்று திரையில் தெரிகிறது. 6,000 வைத்திருந்து 1,840 செலவழித்த மனிதரின் நிலை இது. இருமுறை எடுத்துவிட்டார்கள் என்று அவர் பதறுவதில் என்ன வியப்பு? ஒதுக்கீடு காலாவதியாகும் வரை, அதாவது உங்கள் விதியைப் பொறுத்துச் சில நாட்கள் வரை, அவர் காத்திருக்க வேண்டும்.

இந்தப் பிழைக்கு நான் மீண்டும் மீண்டும் பார்த்த காரணம், தொகையை வைத்துப் பொருத்திப் பார்ப்பதுதான். மளிகைக் கடையில் அது சரியாக வேலை செய்யும். எரிபொருள் நிலையத்தில் இரண்டு தொகைகளும் ஏறக்குறைய எப்போதும் வேறுபடும் என்பதால் அங்கே அது பயன்படாது. அனுமதியின்போது உருவாகும் பரிவர்த்தனை அடையாள எண்ணும் ஒப்புதல் எண்ணும் பற்றுச்செய்தியோடு திரும்பி வருகின்றன. அவற்றைக் கொண்டுதான் பொருத்தவேண்டும். அவை விடுபட்டு வரும் செய்திகளைக் கணினி ஒதுக்கித் தள்ளாமல், அதே அட்டை, அதே நிலையம், அதே நாள் என்ற அடிப்படையில் ஒருவர் கண்ணால் பார்த்து ஒதுக்கீட்டை விடுவிக்க வழி இருக்கவேண்டும்.

செயலியில் நீங்கள் பயன்படுத்தும் சொல்லைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். தமிழில் 'நிலுவை' என்றால் கொடுக்கவேண்டிய பாக்கி என்றுதான் மனம் முதலில் எடுத்துக்கொள்ளும். "நிலுவையில்: 5,000" என்று படிப்பவர், தாம் 5,000 கொடுக்கவேண்டும் என்று எண்ணுவது இயல்பு. அந்த இடத்தில், "நிலையம் உச்சமாகக் கேட்ட தொகை 5,000, தற்காலிகமாக ஒதுக்கப்பட்டுள்ளது, நீங்கள் நிரப்பிய அளவுக்கே கழிக்கப்படும்" என்று எழுதினால் பெரும்பாலான அழைப்புகள் வரவே வரா. தானியங்கிப் பம்புகளுக்கென்று வணிக வகைக் குறியீடு 5542 தனியாக இருக்கிறது. அனுமதி கேட்கும் செய்தியிலேயே அது வருகிறது. எனவே எந்த வரிக்கு இந்த விளக்கம் தேவை என்பது உங்கள் கணினிக்கு முதல் நொடியிலேயே தெரியும்.

அழைப்பை எடுக்கும் ஊழியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "நிலையத்திடம் கேளுங்கள்" என்று நீங்களும், "வங்கியிடம் கேளுங்கள்" என்று நிலையமும் சொல்ல, வாடிக்கையாளர் நடுவில் அலைகிறார். நிலையம் பெற்றிராத பணத்தை அது திருப்பித் தர இயலாது. ஒதுக்கீடு இருப்பது உங்கள் ஏட்டில். அழைப்பவரிடம் முதலில் கணக்கு இருப்பையும் பயன்படுத்தக்கூடிய இருப்பையும் தனித்தனியே படித்துச் சொல்லுங்கள். கணக்கு இருப்பு ஒருமுறை மட்டும் குறைந்திருந்தால் இருமுறை எடுக்கப்படவில்லை. ஒதுக்கீடு மட்டுமே மிஞ்சியிருக்கிறது. அதை அவர் காலாவதிக்குக் காத்திருக்கவிடாமல், ரசீதில் உள்ள தொகையையும் ஒப்புதல் எண்ணையும் சரிபார்த்து நீங்களே விடுவிக்கலாம். கணக்கு இருப்பே இருமுறை குறைந்திருந்தால் அது உண்மையான தவறு. அன்றே முறையீடாகப் பதிவு செய்யவேண்டும்.

இருப்பு குறைவாக உள்ள கணக்குகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. 5,000 கேட்கும்போது கணக்கில் 3,000 மட்டும் இருந்தால், மறுத்துவிடாமல் 3,000-க்கு மட்டும் பகுதி ஒப்புதல் தரலாம். அதை ஏற்கும் பம்ப் 3,000-ஐ எட்டியதும் தானாக நின்றுவிடும். இதையும் நிறைவுச் செய்தியை உடனுக்குடன் ஏற்பதையும் நீங்கள் இப்போது செய்கிறீர்களா இல்லையா என்பதையும், பம்ப் ஒதுக்கீடு உங்கள் வங்கியில் எத்தனை நாள் நிற்கும் என்பதையும் அட்டை விதிமுறைகளில் வெளிப்படையாக எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அட்டைக் கணக்குச் சரிபார்ப்பில் பணியாற்றிய ஒருவர்