மாடு என்ற சொல்லுக்குள் இருக்கும் ஆடு: தொடக்கக் கல்வி அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்டத்தின் தொடக்கக் கல்வி அலுவலர்களுக்கும் வட்டார வள மையங்களின் ஆசிரியர் பயிற்றுநர்களுக்கும் வணக்கம்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு 31 ஆண்டுகள் எழுத்தறிவித்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது கல்குளம் வட்டத்தின் கடலோர ஊர் ஒன்றில், வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளோடு மாலை வேளைகளில் உட்கார்கிறேன். சொல்லைப் பிரித்துக் கைதட்டுதல், ஒலி ஒத்த சொற்களைக் கண்டுபிடித்தல், ஒலிகளைச் சேர்த்துச் சொல்லாக்குதல் ஆகிய பயிற்சிகள் இன்று நம் வகுப்பறைகளில் நடப்பதை மகிழ்ச்சியோடு பார்க்கிறேன். ஆனால் அவற்றை நடத்துகிற முறையில் ஒரு பிழை புகுந்து, அவை நமக்குச் சொல்ல வேண்டிய செய்தியைச் சொல்லாமல் போகின்றன என்பதால் இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு என்னிடம் வந்த இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் குறிப்பேட்டில், சொற்களைப் பிரித்துச் சரியாகக் கைதட்டுகிறாள் என்று எழுதியிருந்தது. "கட்டுமரம்னு சொல்லிக் கைதட்டு மக்ளே" என்றேன். அவள் கண்ணை மேலே உயர்த்தி, ஆள்காட்டி விரலால் தொடையில் எழுதிப் பார்த்துவிட்டு, ஆறு முறை தட்டினாள். க, ட், டு, ம, ர, ம் என்று எழுத்தைக் கணக்கிட்டால் ஆறு சரிதான். ஆனால் வாய்விட்டுச் சொல்லும்போது காதில் விழுபவை கட், டு, ம, ரம் என்னும் நான்கு ஒலித்துண்டுகளே. அவள் சொல்லைக் கேட்கவில்லை. மனத்தில் எழுதி எண்ணினாள். எழுத்துக்கு ஒரு தட்டு என்று யாரோ அவளுக்குக் கற்பித்திருக்கிறார்கள். (யாப்பிலக்கணத்தின் அசையோடும் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மரம் என்பது யாப்பில் ஒரே நிரையசை, பேச்சில் இரண்டு துண்டு, எழுத்தில் மூன்று.)

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? கைதட்டும் பயிற்சியின் பயனே, எழுத்தறியாத குழந்தையின் காது என்ன செய்கிறது என்று காட்டுவதில்தான் இருக்கிறது. 1974-இல் இசபெல் லிபர்மேனும் அவருடன் பணியாற்றியவர்களும் அமெரிக்கக் குழந்தைகளிடம் இதே போன்ற தட்டும் சோதனையை நடத்தினார்கள். நான்கு வயதினரில் ஏறக்குறையப் பாதிப் பேர் சொல்லை ஒலித்துண்டுகளாகப் பிரித்தார்கள். தனித்தனி ஒலிகளாக ஒருவராலும் பிரிக்க முடியவில்லை. ஆறு வயதினரில் 90 விழுக்காட்டினர் முதலாவதையும், 70 விழுக்காட்டினர் இரண்டாவதையும் செய்தார்கள். துண்டைக் கேட்பது எளிது, முன்னதாகவே வந்துவிடும். தனி ஒலியைக் கேட்பது கடினம், அது பெரும்பாலும் எழுத்துப் பயிற்சியோடு சேர்ந்தே வருகிறது. ஆகவே ஐந்து வயதுவரை கைதட்டல் நமக்கு ஏதேனும் சொல்லும். ஒன்றாம் வகுப்பின் முடிவில் ஏறக்குறைய எல்லோரும் தட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு யார் வாசிப்பில் பின்தங்குவார் என்பதை அது பிரித்துக் காட்டாது.

அதனால் அந்தச் சிறுமிக்கு அடுத்த படியை வைத்தேன். எழுத்து எதையும் காட்டாமல், "மாடு என்னும் சொல்லில் தொடக்க ஒலியை மட்டும் விட்டுவிட்டுச் சொல்" என்றேன். அவள் தயங்காமல் "டு" என்றாள். அவள் எடுத்தது 'மா' முழுவதையும். 'ம்' என்ற ஒலியை மட்டும் எடுத்தால் மிஞ்சுவது 'ஆடு' என்பது அவளுக்குத் தெரியவில்லை. இந்த ஒரு பதிலில் அவளுடைய தடுமாற்றம் முழுவதும் இருந்தது. நம் எழுத்துமுறையில் 'மா' ஒரே எழுத்தாக நிற்பதால், அது இரண்டு ஒலிகளின் சேர்க்கை என்பது குழந்தையின் காதுக்குத் தானாகப் பிடிபடுவதில்லை. பிடிபடாத குழந்தை 216 உயிர்மெய்களையும் 216 படங்களாக மனப்பாடம் செய்கிறது. பிடிபட்ட குழந்தைக்கு 18 மெய்யும் 12 உயிரும் அவற்றின் குறிகளும் போதும். கி, மி இரண்டிலும் 'இ' கேட்கிறது என்று உணர்ந்தவள், யாரும் சொல்லித் தராத 'ழி'யைத் தானே உண்டாக்கிக்கொள்வாள். ஒலியுணர்வு வாசிப்பை முன்கூட்டிக் காட்டுவதற்குக் காரணம் இதுவே. புதிய சொல்லை வாசிக்கும்போது குழந்தை செய்கிற வேலையும், ஒலிகளைப் பிரித்துச் சேர்க்கிற இந்த வேலையும் ஒன்றுதான்.

ஒலிகளைச் சேர்க்கும் பயிற்சியிலும் ஒரு தடை இருக்கிறது. நாம் மெய்யெழுத்தை 'இக்', 'இப்', 'இம்' என்று சொல்லிக் கொடுக்கிறோம். 'இப்', 'ஆ', 'ல்' என்று ஆசிரியர் நிறுத்தி நிறுத்திச் சொன்னால், குழந்தை 'இப்பால்' என்றுதான் சேர்க்கும்; பிழை குழந்தையுடையதன்று. க், ப், ட் போன்றவற்றை உயிரின் துணையின்றி இழுத்துச் சொல்ல முடியாது. எனவே ம், ந், ல் போன்று இழுக்கக்கூடிய ஒலிகளில் தொடங்க வேண்டும். நான் இரண்டு புளியங்கொட்டைகளைத் தரையில் வைத்து, முதல் கொட்டையைத் தள்ளும்போது 'ம்ம்ம்' என்றும், அடுத்ததைத் தள்ளும்போது 'ஆஆ' என்றும் சொல்லி, இரண்டும் தொட்டுக்கொள்ளும்போது 'மா' என்று அவளையே சொல்லச் சொன்னேன். நான்கைந்து நாள்களில் கொட்டைகளுக்குப் பக்கத்தில் 'ம்' எழுதிய அட்டையும் 'ஆ' எழுதிய அட்டையும் வந்தன. கடைசியில் கொட்டைகளை எடுத்துவிட்டேன்.

அட்டைகளைச் சேர்த்தது என் விருப்பத்துக்காக அன்று. 1983-இல் பிராட்லி, பிரையன்ட் என்னும் இரண்டு ஆய்வாளர்கள் இங்கிலாந்தில் ஏறக்குறைய 400 குழந்தைகளை நான்கு, ஐந்து வயதில் சோதித்து, அடுத்த சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஒலியில் ஒத்துப்போகாத சொல்லைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் பின்னாளில் நன்றாக வாசித்தார்கள். ஒலிகளை வகைப்படுத்தத் தடுமாறிய 65 குழந்தைகளைக் குழுக்களாக்கி இரண்டு ஆண்டுகள் பயிற்சி கொடுத்தபோது, ஒலிப்பயிற்சியோடு எழுத்து வில்லைகளையும் கையாண்ட குழுவே மிகவும் முன்னேறியது. காதுக்கு மட்டும் பயிற்சி கொடுத்து, எழுத்தோடு இணைக்காமல் விட்டால் பயன் குறைந்துவிடுகிறது.

ஒலி ஒத்த சொற்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வள்ளம், பள்ளம், சாளை என்ற மூன்றில் பொருந்தாதது எது என்று கேட்பது நல்ல தொடக்கம். நம் பிள்ளைகளுக்கு மூன்று சொல்லும் வீட்டிலேயே பழக்கம். சொல்லே தெரியாவிட்டால் நினைவில் வைத்துக்கொள்வதற்கே குழந்தை திணறும், ஒலியைக் கேட்காது. அதே காரணத்தால் 'கல்லு' என்று பேசும் குழந்தை 'கல்' என்ற சொல்லுக்கு இரண்டு முறை தட்டினால், அவள் தன் பேச்சைச் சரியாகத்தான் கேட்டிருக்கிறாள்; அதைத் தவறு என்று குறிக்காதீர்கள். எல்லாப் பயிற்சியிலும் ஒன்றுபோலத் தவறும் பிள்ளைக்கு முதலில் செவித்திறன் சோதனை செய்யுங்கள்.

உங்களிடம் நான் வேண்டுவது இதுதான். கைதட்டும் சோதனையை எழுத்து அறிமுகத்துக்கு முன்பே, கரும்பலகையும் புத்தகமும் இல்லாமல், வாய்மொழியாக நடத்தச் சொல்லுங்கள். குறிப்பேட்டில் 'தேர்ச்சி' என்று மட்டும் எழுதாமல், குழந்தை சொன்ன பதிலை அப்படியே எழுதச் சொல்லுங்கள். 'டு' என்ற பதில் ஒரு மதிப்பெண்ணைவிட ஆசிரியருக்கு அதிகம் சொல்லும். ஒன்றாம் வகுப்பின் நடுவில், மாடு, நாடு, மீன் போன்ற ஐந்தாறு சொற்களில் தொடக்க ஒலியை நீக்கிச் சொல்லும் சிறு சோதனை ஒன்றைச் சேருங்கள். ஒரு குழந்தைக்கு ஐந்து நிமிடம் போதும்.

அந்தச் சிறுமி ஏழாவது வாரத்தில் 'நாழி' என்ற சொல்லுக்கு முன் நின்றாள். 'நா' என்றாள். பிறகு 'ழ்ழ்ழ்' என்று இழுத்து, 'இ' என்று தனக்குள் சொல்லிப் பார்த்து, "நாழி" என்றாள். அந்த எழுத்தை அவளுக்கு நான் காட்டியதே இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை,
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்