அப்பாவின் போன் 20 சதவீதத்தில் வாயை மூடிக்கொள்வது பற்றி

அனுப்புநர்:
உங்கள் போனை வாங்கிய வாடிக்கையாளர், அஸ்தம்பட்டி, சேலம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு மேலாளர் அவர்கள்.

பொருள்: மென்பொருள் அப்டேட்டுக்குப் பிறகு, பேட்டரி குறைந்தால் குறுஞ்செய்தி அனுப்பும் டாஸ்கர் புரொஃபைல் நின்றுபோனது.

ஐயா / அம்மா,

என் அப்பா ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம், காப்பியும் மிளகும் போட்ட சின்னத் தோட்டத்தில் தனியாக இருக்கிறார். போனைச் சார்ஜில் போட மறப்பது அவர் வழக்கம். தோட்டத்துக்குள் சிக்னல் குறைவு. போன் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும். அதனால் உங்கள் போனை வாங்கிக் கொடுத்த அன்றே அதில், நாம் வைத்த நிபந்தனை வந்ததும் சொன்ன வேலையைத் தானாகச் செய்யும் டாஸ்கர் செயலியைப் போட்டு, பேட்டரி 15க்கு இறங்கினால் எனக்கு எஸ்எம்எஸ் வரும்படி செய்து வைத்தேன். வாட்ஸ்அப்புக்கு டேட்டா வேண்டும், எஸ்எம்எஸ்ஸுக்கு ஒரு கோடு சிக்னல் போதும். நான் வைத்தது இவ்வளவுதான்:

```
Profile: Appa Battery
  State: Battery Level  From 0  To 15
  State: Power  Source Any  (Invert)
Task: Send SMS
  Number: என் எண்
  Message: Appa phone %BATT, %TIME
```

இரண்டாவது நிபந்தனை எதற்கென்றால், சார்ஜர் செருகியிருக்கும்போது செய்தி தேவையில்லை. `Invert` போட்டதால் சார்ஜில் இல்லாதபோது மட்டும் வேலை செய்யும். ஆனால் அங்கே மழைக்காலத்தில் கரண்ட் வந்து வந்து போகும். ஒவ்வொரு முறை போகும்போதும் புரொஃபைல் புதிதாக உயிர்பெற்று, ஒரே ராத்திரியில் ஏழு செய்தி வந்தது. புரொஃபைலின் அமைப்பில் `Cooldown Time` ஒரு மணி நேரம் என்று வைத்ததும் அது அடங்கியது. செய்தியை ஆங்கிலத்தில் வைத்ததற்கும் காரணம் உண்டு. தமிழில் எழுதினால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 70 எழுத்துக் குறிகள்தான் அடங்கும், ஆங்கிலத்தில் 160. சிக்னல் இல்லாத இடத்தில் செய்தி ஒரே துண்டாகப் போவதுதான் நல்லது.

எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. செய்தி வந்தால் அப்பாவைக் கூப்பிட்டு, "போனைச் சார்ஜில் போடுங்கப்பா" என்பேன். "போட்டுட்டேன் கண்ணு" என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் போடுவார்.

போன மாதம் உங்கள் அப்டேட் வந்தது. அதற்கு மூன்றாம் நாள் மாலை ஆறரைக்குப் பேசினேன். எட்டு மணிக்குக் கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப். செய்தி எதுவும் வரவில்லை. செய்தி வராமல் போன் அணைந்தால் அது பேட்டரியால் இல்லை, வேறு என்னவோ என்றுதானே மனம் போகும்? தோட்டத்தில் விழுந்து கிடக்கிறாரோ என்று நினைத்து, நானும் என் வீட்டுக்காரரும் மழையில் பைக்கில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனோம். அப்பா மெழுகுவத்தி வெளிச்சத்தில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். "என்ன கண்ணு, இந்நேரத்துல?" என்றார். போன் மேசைமேல் செத்துக் கிடந்தது.

மறுநாள் சேலத்தில் உள்ள உங்கள் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். "அது வெளியாள் செயலிங்க, நாங்க பொறுப்பில்ல. ஃபேக்டரி ரீசெட் பண்ணிப் பாருங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ரீசெட் செய்தால் நான் வைத்த அத்தனையும் அழியும், கோளாறு மட்டும் அப்படியே இருக்கும். அதனால் நானே தேடினேன்.

முதலில் என் பக்கத் தவறுகளைப் பார்த்தேன். எஸ்எம்எஸ் அனுமதி இருக்கிறது. அப்பாவின் போனில் இரண்டு சிம். எஸ்எம்எஸ்ஸுக்கு எந்த சிம் என்பதில் 'ஒவ்வொரு முறையும் கேள்' என்று விட்டால், பின்னணியில் ஓடும் செயலி கேட்பதற்கு வழியில்லாமல் செய்தி போகாது. அதையும் பார்த்தேன், முதல் சிம்மில் நிலையாகவே இருந்தது. கையால் டாஸ்க்கை ஓட்டினால் செய்தி உடனே வந்தது. ஆகவே அனுப்பும் பகுதி சரி. அனுப்பு என்று சொல்லவேண்டிய பகுதிதான் தூங்குகிறது.

அதைப் பிடிக்க டாஸ்கரிலேயே ஒரு வேவுகாரனை வைத்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை `%TIME`, `%BATT` இரண்டையும் `Write File` கொண்டு ஒரு கோப்பில் சேர்த்து எழுதும் வேலை. அன்று மாலை அதில் இருந்தது இது:

```
17.50 24
18.00 23
18.10 23
18.20 22
18.30 21
18.40 21
```

அதோடு சரி. போன் அணையும்வரை அதற்குமேல் ஒரு வரி இல்லை. 20ஐத் தொட்டதும் டாஸ்கர் நின்றிருக்கிறது, மேலே எப்போதும் இருக்கும் அதன் அறிவிப்பும் காணவில்லை. பேட்டரி அமைப்புக்குள் போய்ப் பார்த்தால், 20க்கு வந்ததும் பவர் சேவிங் தானாகத் தொடங்கும் என்ற சுவிட்ச் ஆன் ஆகியிருந்தது. வாங்கிய அன்றே நான் அணைத்த சுவிட்ச் அது. உங்கள் அப்டேட் அதைத் திருப்பிப் போட்டிருக்கிறது.

அடுத்த நாள் அந்த ஒன்றை மட்டும் அணைத்துவிட்டு, மற்ற எதையும் தொடாமல் பார்த்தேன். வரிகள் 20, 19, 18 என்று ஓடின. 15ஐத் தொட்டதும் என் போனில் செய்தி. திரும்ப ஆன் செய்தேன், மறுபடி 21ஓடு நின்றது. இதற்குமேல் சாட்சி வேண்டுமா?

இத்தனைக்கும் டாஸ்கருக்கு பேட்டரி கட்டுப்பாடு வேண்டாம் என்று `Unrestricted` போட்டிருக்கிறேன். உங்கள் பவர் சேவிங் அதை மதிப்பதில்லை. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: பேட்டரி தீரப்போகிறது என்று சொல்வதற்காகவே ஒரு செயலி. அது சொல்லவேண்டிய வேளைக்குச் சற்று முன்னால் அதன் கழுத்தை நெரித்து, பேட்டரியைச் சேமித்தோம் என்கிறீர்கள்.

இப்போதைக்கு `To 15` என்பதை `To 25` என்று மாற்றி வைத்திருக்கிறேன். பவர் சேவிங் எழும்பும் முன்பே செய்தி வந்துவிடுகிறது. ஆனால் 25 அவசரம் இல்லை. தினமும் மூன்று மணிக்கே வருகிறது. தினமும் வருவதை யார் பார்ப்பார்கள்? நானே இப்போது இரண்டு நாளாகத் திறக்காமல் விட்டிருக்கிறேன். உண்மையில் வேண்டிய அன்றும் விட்டுவிடுவேனோ என்பதுதான் பயம்.

மலை ஏறின பெட்ரோல் காசை நான் கேட்கவில்லை. `Unrestricted` போட்ட செயலியைப் பவர் சேவிங்கும் தொடாமல் இருக்கவேண்டும். நான் அணைத்த சுவிட்சை அப்டேட் ஆன் செய்யக்கூடாது, செய்தே ஆகவேண்டுமென்றால் திரையில் சொல்லிவிட்டுச் செய்யட்டும். சர்வீஸ் சென்டர்காரர்களுக்கும், ரீசெட் சொல்லும் முன் இந்த இடத்தைப் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள்.

15 நாளில் எழுத்து மூலம் பதில் வேண்டும். வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டு, சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், மூன்று நாள் பேட்டரிக் கோப்பு, பவர் சேவிங் திரையின் படம் இரண்டு.