செடி இருப்பு, தண்ணீர்ச் செலவு, தோட்டப் பராமரிப்பு: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வரும் பருவத்திலிருந்து எங்கள் நர்சரியில் சில செடிகள் ஆண்டு முழுவதும் கிடைக்கமாட்டா. பெரிய தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் விடும் முறை மாறுகிறது. தோட்டப் பராமரிப்பு ஒப்பந்தத்தில், செத்த செடிக்கு மாற்றுச் செடி தரும் விதியையும் திருத்தியிருக்கிறோம். இந்த மூன்றும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால், காரணங்களைச் சேர்த்தே விளக்குகிறோம்.

முதலில் செடி இழப்பு. நர்சரி என்றால் சில செடிகள் சாகத்தான் செய்யும். அவற்றின் செலவு விற்பனையாகும் செடிகளின் விலையில்தான் வந்து சேரும். எத்தனை செடிகள் செத்தன என்பதோடு, எப்போது செத்தன என்பதும் இதில் முக்கியம். எடுத்துக்காட்டாக, 100 கன்றுகள் வாங்குகிறோம் என்று கொள்வோம். ஒரு கன்றின் கொள்முதல் செலவு 10 பங்கு. மூன்று மாதம் வளர்த்து விற்கும் நிலைக்குக் கொண்டுவரத் தண்ணீர், உரம், ஆள்கூலி எல்லாமாக இன்னொரு 10 பங்கு. இவற்றில் 20 கன்றுகள் வந்த முதல் வாரத்திலேயே பட்டுப்போனால், மீதி 80 கன்றுகளும் தலா 22.5 பங்கு செலவைச் சுமக்கும். அதே 20 கன்றுகள் மூன்று மாதம் வளர்ந்து, விற்கும் தறுவாயில் பட்டுப்போனால், அந்தச் செலவு 25 பங்காகிவிடும். செத்தவை இரண்டு முறையும் 20 தான். பின்னதில் மூன்று மாதத் தண்ணீரும் உழைப்பும் அவற்றோடு சேர்ந்து போய்விடுகின்றன.

இப்படித் தாமதமாக வரும் இழப்பு பெரும்பாலும் பருவம் தவறி இருப்பில் வைத்திருக்கும் செடிகளில்தான் நேர்கிறது. பான்சி போன்ற குளிர்காலப் பூச்செடிகள் வெயில் ஏறியதும் பூப்பதைக் குறைத்துக்கொண்டு, நிழல்வலைக்குள் வைத்தாலும் சோர்ந்துவிடும். நித்தியகல்யாணி இதற்கு நேர்மாறு: கடும் வெயிலைத் தாங்கும், ஆனால் தொடர்மழையில் மண் ஈரம் காயாமல் இருந்தால் அடித்தண்டும் வேரும் அழுகிவிடும். ஆகவே பருவம் முடிய ஆறு வாரம் இருக்கும்போதே அந்தப் பருவச் செடிகளைப் புதிதாக வாங்குவதை நிறுத்திவிடுவோம். கோடையில் அரளி, காகிதப்பூ, டேபிள் ரோஸ் ஆகியவை தாராளமாகக் கிடைக்கும். மரக்கன்றுகளை மழை தொடங்குவதற்குச் சற்று முன் அதிகமாக வரவழைப்போம். பையிலேயே நெடுநாள் இருந்த மரக்கன்று பார்வைக்கு உயரமாக, வாங்கத் தூண்டுவதாக இருக்கும். ஆனால் உள்ளே வேர் பையின் சுவரையொட்டி வட்டமாகச் சுற்றியிருக்கும், நட்ட பிறகும் அந்தச் சுற்று எளிதில் பிரியாது. அத்தகைய கன்றைவிட, உயரம் குறைந்த இளங்கன்றையே நாங்கள் பரிந்துரைக்கிறோம், அதில் எங்களுக்கு வருமானம் குறைவு என்றாலும்.

அடுத்து தண்ணீர். 1 சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் விழுந்தால் அது 1 லிட்டர். எனவே 100 சதுர மீட்டர் பரப்பில் தெளிப்பான் வழியாக 5 மில்லிமீட்டர் விட்டால் 500 லிட்டர் செலவாகும். அதில் எவ்வளவு செடிக்குப் போகிறது என்பது தொட்டிகளின் இடைவெளியைப் பொறுத்தது. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தொட்டிகளை ஒன்றையொன்று தொடுமாறு நேர்வரிசையில் அடுக்கினால், தரையின் நூற்றுக்கு 78 பாகம் தொட்டி வாய்களாக இருக்கும். செடி படர்வதற்காக அதே தொட்டிகளை நடுவுக்கு நடு 40 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் அது ஏறத்தாழ 20 பாகமாகச் சுருங்கிவிடும். அதாவது 500 லிட்டரில் சுமார் 100 லிட்டர்தான் தொட்டிக்குள் விழும். மீதி நடைபாதையில் பாசி வளர்க்கும். இலை அடர்ந்த செடியானால், தொட்டிக்கு நேராக வரும் தண்ணீரிலும் ஒரு பகுதி வெளியே வழிந்துவிடும். எனவே இடைவெளி விட்டு வைக்கும் பெரிய தொட்டிகள் அனைத்தையும் சொட்டுநீருக்கு மாற்றுகிறோம். நெருக்கமாக அடுக்கும் குழித்தட்டு நாற்றுகளுக்குத் தெளிப்பானே போதும்.

இந்த மாற்றத்துக்கு ஒரு குறையும் உண்டு. சொட்டுவான் அடைத்துக்கொண்டால் அந்த ஒரு செடி மட்டும் ஓசையின்றிக் காயும். ஆகவே எங்கள் பணியாளர்கள் வரிசைக்குச் சில தொட்டிகளை நாள்தோறும் கையில் தூக்கிப் பார்க்கிறார்கள். நனைந்த தொட்டிக்கும் காய்ந்த தொட்டிக்கும் உள்ள கனவேறுபாடு பழகிய கைக்கு உடனே தெரிந்துவிடும். தென்னைநார்க் கழிவு கலந்த கலவை முழுக்கக் காய்ந்துவிட்டால் சுருங்கித் தொட்டிச் சுவரைவிட்டு விலகும். பிறகு ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாக அடித்துளைக்கு ஓடிவிடும். கீழே தண்ணீர் வழிவதைப் பார்த்துச் செடி நனைந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. அத்தகைய தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் அமர்த்தி வைத்தால் கலவை மறுபடி ஊறிக்கொள்ளும். வீட்டிலும் இதையே செய்யலாம்.

இனி பராமரிப்பு ஒப்பந்தம். வாரம் ஒருமுறை வரும் பணியாளரால் கவாத்து செய்யவும், களையெடுக்கவும், உரமிடவும், பூச்சித் தாக்குதலைத் தொடக்கத்திலேயே கண்டறியவும் முடியும். கோடையில் ஒரே நாளில் காய்ந்துவிடக்கூடிய மாடித் தொட்டியை அவரால் காப்பாற்ற முடியாது. இதுவரை எல்லா ஒப்பந்தங்களுக்கும் ஒரே மாற்றுச் செடி விதி இருந்ததால், நாள் தவறாமல் தண்ணீர் விட்ட வாடிக்கையாளர்களும், விடாதவர்களின் செடி இழப்பைத் தங்கள் கட்டணத்தில் பகிர்ந்துகொண்டார்கள். இது நியாயமாக எங்களுக்குப் படவில்லை.

எனவே ஒப்பந்தம் இனி இரு வகையாக இருக்கும். நேரக்கருவியுடன் கூடிய சொட்டுநீர் அமைப்பை எங்கள் வழியாகப் பொருத்திக்கொள்ளும் தோட்டங்களில், நாங்கள் நட்ட செடி 90 நாளுக்குள் பட்டுப்போனால், எந்தக் காரணமானாலும் மாற்றுச் செடி தருவோம். தண்ணீர் விடுவதை நீங்களே பார்த்துக்கொள்ளும் தோட்டங்களுக்கு மாதக் கட்டணம் குறைவு. அங்கே செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்த பிறகே முடிவு செய்வோம். வேர் பையின் வடிவிலேயே சுருண்டு, புதுவேர் விடாமல் நின்றிருந்தால் அது எங்கள் கன்றின் குறை, மாற்றித் தருவோம். வேர்க்கட்டு உலர்ந்து உதிர்ந்தால் அது தண்ணீர்க் குறைவு. வேர் பழுப்பேறிக் குழைந்து, இழுத்தால் மேல்தோல் மட்டும் கழன்று வந்தால் அது அழுகல். சுற்றியுள்ள மண்ணில் தண்ணீர் தேங்கியிருந்ததா என்று பார்த்து, குழியை நாங்கள் சரியாக எடுக்காததே காரணம் என்றால் அந்தப் பொறுப்பும் எங்களுடையதே.

வாடிய செடியைக் கண்டதும் தண்ணீர் ஊற்றத் தோன்றுவது இயல்பு. ஆனால் வேர் அழுகிய செடியும் அப்படியேதான் வாடும்; அதற்கு மேலும் ஊற்றுவது கெடுதலை விரைவுபடுத்தும். ஆகவே முதலில் தண்டின் அடியில் இரண்டு விரற்கடை ஆழம் தோண்டிப் பாருங்கள். புதிதாக நட்ட செடிக்கு முதல் சில வாரம் வேர் முழுவதும் பழைய வேர்க்கட்டுக்குள்ளேயே இருப்பதால், சுற்றிலும் மண் ஈரமாக இருக்க, வேர்க்கட்டு மட்டும் காய்ந்துகிடப்பதும் உண்டு. தண்ணீரைத் தண்டையொட்டி மெதுவாக விட வேண்டியது இதனால்தான். வெயிலில் கிடந்த குழாயிலிருந்து முதலில் வரும் சூடான தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, கை பொறுக்கும் நிலைக்கு வந்த பிறகு செடிக்குத் திருப்புங்கள்.

இப்போது நடப்பிலுள்ள ஒப்பந்தங்கள் அவற்றின் காலம் முடியும் வரை பழைய விதிப்படியே தொடரும். புதுப்பிக்கும் முன் எங்கள் பணியாளர் ஒருவர் வந்து, உங்கள் குழாய் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தருகிறது என்பதை வாளி வைத்து அளந்து, உங்கள் தோட்டத்துக்கு எந்த வகை பொருந்தும் என்பதை எழுத்தில் தருவார். அந்த அளவீட்டுக்குக் கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
நர்சரி நிர்வாகம்