கேஸ் கிட் மாட்டியதும் வேலை முடிந்துவிடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெட்ரோல் காரை சி.என்.ஜி.க்கு மாற்றினால் மாதம் எவ்வளவு மிச்சமாகும் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கணக்கு சரிதான். ஆனால் கிட் மாட்டிய பிறகு ஆர்.சி.யில் என்ன செய்ய வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எப்போது சொல்ல வேண்டும் என்பது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. கோவையில் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராக இருப்பவன் நான். விபத்துக்குப் பிறகு வண்டியைப் பார்க்கப் போகும்போது இந்த இடத்தில்தான் பலர் சிக்கியிருப்பதைப் பார்க்கிறேன்.

சமீபத்தில் வந்த ஒரு கேஸ். பல்லடம் சாலையில் நின்றிருந்த காரை டிப்பர் லாரி பின்னால் இடித்துவிட்டது. டிக்கி நசுங்கி, உள்ளே சிலிண்டரைத் தாங்கும் பிராக்கெட் வளைந்திருந்தது. 58,000 ரூபாய்க்குக் கிட் மாட்டிய பில்லை உரிமையாளர் பத்திரமாக வைத்திருந்தார். ஆனால் ஆர்.சி.யில் எரிபொருள் என்ற இடத்தில் PETROL என்றே இருந்தது. பாலிசியிலும் கிட் பற்றி ஒன்றும் இல்லை. கிட்டுக்கும் சிலிண்டருக்கும் பணம் கிடையாது என்பது எல்லோருக்கும் புரிந்த விஷயம், அதற்கு அவர் பிரீமியமே கட்டவில்லை. கம்பெனி அதோடு நிற்கவில்லை. வண்டியின் அமைப்பை மாற்றியதைத் தெரிவிக்கவில்லை என்று சொல்லி, காரின் சேதத்துக்கான கிளெய்மையும் சேர்த்து நிராகரித்துவிட்டது. கேஸ் கிட்டுக்கும் லாரி இடித்ததற்கும் சம்பந்தமே இல்லை என்று உரிமையாளர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறார். அவர் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் படுகிறது. ஆனால் தீர்ப்பு வரும் வரை ரிப்பேர் செலவு அவர் கையிலிருந்துதான்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. கேஸுக்கு மாற்ற அனுமதி உண்டு, ஆனால் விதிகளில் சொன்னபடி அங்கீகாரம் பெற்ற கிட்டைத்தான் மாட்ட வேண்டும். மாட்டிய 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.விடம் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். விதிக்கு மாறாக மாற்றினால் 182ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

அங்கீகாரம் பெற்ற கிட் என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரை குத்திய பொருள் மாதிரி எந்த வண்டிக்கும் பொருந்துவது இல்லை. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., நம் ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. போன்ற சோதனை நிலையங்கள் கிட்டுக்கு டைப் அப்ரூவல் தருகின்றன. அந்தச் சான்றிதழில் எந்த மாடல் அல்லது எந்த சி.சி. அளவு எஞ்சினுக்கு, எந்த உமிழ்வு நிலைக்கு என்று எழுதியிருக்கும். அதற்குக் காலாவதி தேதியும் உண்டு, பொதுவாக மூன்று ஆண்டு. பி.எஸ்.-6 உமிழ்வு நிலையில் வந்த பெட்ரோல் கார்களுக்குக் கிட் மாட்ட 2022-ல்தான் விதி வந்தது. ஆகவே பி.எஸ்.-4 காலத்துக் கிட்டைப் புது வண்டியில் மாட்டித் தருகிறோம் என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னால் அந்த இடத்திலேயே விலகிவிடுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்கி, உங்கள் வண்டி அதில் வருகிறதா என்று பாருங்கள். கிட் கம்பெனி அங்கீகரித்த ஒர்க்‌ஷாப்பா என்பதையும் கேளுங்கள்.

சிலிண்டருக்குத் தனி அனுமதி. வெடிபொருள் துறையான பெசோ ஒப்புதல் கொடுத்த சிலிண்டராக இருக்க வேண்டும். 200 பார் அழுத்தத்தில் கேஸ் நிரப்பும் பாத்திரம் அது, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீரை அழுத்தி நிரப்பிப் பார்க்கும் ஹைட்ரோ டெஸ்ட் செய்தாக வேண்டும். வண்டியில் ஒட்டும் தகட்டில் சிலிண்டர் நம்பரும் அடுத்த டெஸ்ட் தேதியும் இருக்கும். இதைச் சொல்லும்போது வீட்டு சமையல் சிலிண்டரைப் பின்சீட்டுக்கு அடியில் வைத்து ஓடும் பழைய ஆம்னி வேன்கள் ஞாபகம் வருகின்றன. அவற்றை ஆர்.சி.யில் ஏற்ற வழியே கிடையாது. அது முழுக்க முழுக்கக் குற்றம்.

ஆர்.டி.ஓ. வேலைக்குப் பரிவாகன் தளத்தில் `Alteration of Vehicle` என்பதைத் தேர்வு செய்ய வேண்டும். `Conversion of Vehicle` என்று ஒன்று இருக்கும், அது சொந்த வண்டியை டாக்ஸியாக மாற்றுவது மாதிரியான வேலைக்கு. பெயரைப் பார்த்து அதில் பணம் கட்டி அலைபவர்கள் உண்டு. கிட் பில், டைப் அப்ரூவல் நகல், சிலிண்டர் சான்றிதழ், ஒர்க்‌ஷாப் கொடுக்கும் பொருத்துதல் சான்று, நடப்பு இன்சூரன்ஸ், பொல்யூஷன் சர்டிபிகேட் எல்லாம் கையில் இருக்கட்டும். கார் லோனில் இருந்தால் கிட் மாட்டுவதற்கு முன்பே பேங்கிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். அப்புறம் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்து, பில்லில் உள்ள கிட் நம்பரும் சிலிண்டர் நம்பரும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பார். பில்லில் ஒரு இலக்கம் தப்பாக அடித்திருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார், அதனால் ஒர்க்‌ஷாப்பை விட்டுக் கிளம்பும் முன்பே ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. எல்லாம் முடிந்தால் ஆர்.சி.யில் PETROL/CNG என்று மாறும்.

இன்சூரன்ஸில் ஒரு சுற்றல் இருக்கிறது. மாறிய ஆர்.சி. வேண்டும் என்று இன்சூரன்ஸ் கம்பெனியில் கேட்பார்கள், ஆர்.சி. மாற நாளாகும். அந்த இடைவெளியில் விபத்து நடந்தால்? அதனால் கிட் மாட்டிய அன்றே பில் நகலோடு கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள், ஏஜென்டிடம் வாயால் சொன்னதோடு விடாதீர்கள். ஆர்.சி. வந்ததும் அதை அனுப்பி, பாலிசியில் கிட்டைச் சேர்த்ததற்கான எண்டார்ஸ்மென்ட் வாங்குங்கள். பழைய டாரிஃப் வழக்கப்படி கிட் மதிப்பில் 4 சதவீதமும், மூன்றாம் நபர் பகுதிக்கு 60 ரூபாயும் கூடுதல் பிரீமியம். நான் மேலே சொன்ன 58,000 ரூபாய் கிட்டுக்கு 2,320 சேர்த்து 60, ஆக 2,380. ஜி.எஸ்.டி.யோடு வருஷத்துக்குச் சுமார் 2,800 ரூபாய். பாலிசி பாதியில் இருந்தால் மீதி நாட்களுக்கு மட்டும் கணக்கிடுவார்கள். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறலாம். எண்டார்ஸ்மென்ட் வந்ததும் அதில் கிட்டின் மதிப்பு தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், அது இல்லாவிட்டால் கிளெய்மில் மறுபடியும் வாக்குவாதம்தான்.

பழைய கார் வாங்குபவர்கள் டிக்கியைத் திறந்து சிலிண்டர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். ஆர்.சி.யில் எரிபொருள் என்ன, தகட்டில் டெஸ்ட் தேதி தாண்டிவிட்டதா, பாலிசியில் கிட் ஏறியிருக்கிறதா என்பதைக் கேட்பதில்லை. கிட்டைக் கழற்றிவிட்டு வண்டியை விற்பவர்களும் ஆர்.சி.யை மறுபடி பெட்ரோலுக்கு மாற்றித் தர வேண்டும். உங்கள் அடுத்த கட்டுரையில் இந்தப் பக்கத்தையும் எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர் ஒருவர்,
கோயம்புத்தூர்.