முதல் எண்ணோடு நிறுத்தியது ஏன்?

ஆசிரியருக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் கல்விப் பக்கத்தில் இரண்டு டிப்போக்களுக்கு இடையிலான மிகக் குறுகிய பாதைக் கணக்கு வந்திருந்தது. போகவேண்டிய டிப்போவுக்கு முதல் எண் விழுந்ததுமே அதையே விடையாக எழுதி முடித்துவிட்டீர்கள். இது தவறு, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் அப்படியே பிடித்துக்கொள்வார்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

நம்ம கொழும்பையே எடுப்போம், நிமிடங்கள் உதாரணத்துக்குத்தான். லொறி புறக்கோட்டையிலிருந்து நுகேகொடைக்குப் போகவேண்டும். புறக்கோட்டை–மருதானை 8, புறக்கோட்டை–கொள்ளுப்பிட்டி 12, மருதானை–பொரளை 9, கொள்ளுப்பிட்டி–கிருலப்பனை 18, பொரளை–கிருலப்பனை 12, பொரளை–நுகேகொடை 22, கிருலப்பனை–நுகேகொடை 7.

ஒவ்வொரு இடத்துக்கும் போடும் எண், புறக்கோட்டையிலிருந்து அங்கே போக இதுவரை கண்ட ஆகக் குறைந்த நிமிடம்; அது இன்னும் குறையலாம் என்றால் தற்காலிகம், இனிக் குறையாது என்றால் நிரந்தரம். புறக்கோட்டைக்கு 0 போட்டு நிரந்தரமாக்குங்கள். மருதானைக்கு 8, கொள்ளுப்பிட்டிக்கு 12, இரண்டும் தற்காலிகம். அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் தற்காலிக எண்களில் ஆகச் சிறியதை மட்டும் வட்டமிட்டு நிரந்தரமாக்க வேண்டும், ஏனென்றால் அந்த இடத்துக்கு வேறு வழியாக வருவதென்றால் அதைவிடச் சிறியதாக இல்லாத ஒரு தற்காலிக எண்ணைத் தாண்டித்தான் வரவேண்டும், நேரம் எதுவும் மைனஸாக இல்லாதபோது அது குறைய வழியே இல்லை. ஆக மருதானை 8 நிரந்தரம், பொரளைக்கு 17 கிடைக்கிறது. அடுத்து கொள்ளுப்பிட்டி 12 நிரந்தரம், கிருலப்பனைக்கு 30. அப்புறம் பொரளை 17 நிரந்தரமாகிறது, அங்கிருந்து கிருலப்பனைக்கு 29 வருவதால் 30ஐ வெட்டி 29 எழுதுகிறோம், நுகேகொடைக்கும் முதல் தடவையாக 39 விழுகிறது.

நீங்கள் நிறுத்தியது இந்த மாதிரி இடத்தில்தான். ஆனால் கிருலப்பனையின் 29 இன்னும் தற்காலிகமாகவே இருக்கிறது, அது 39ஐ விடச் சிறியது. அப்படி ஒரு எண் மிச்சமிருக்கும்வரை விடை குறைய இடமுண்டு. கிருலப்பனையை நிரந்தரமாக்கிப் பாருங்கள், 29உம் 7உம் 36, நுகேகொடையின் 39 வெட்டுப்படுகிறது. அந்த 36ஐ வட்டமிட்ட பிறகுதான் கணக்கு முடிகிறது.

இன்னொன்று, வெட்டிய எண்ணை அழிக்கக்கூடாது, கோடு மட்டும் போதும். எண்ணுக்குப் பக்கத்தில் எந்த இடத்திலிருந்து வந்தது என்பதையும் எழுதவேண்டும். உங்கள் அட்டவணையில் அது இல்லை, அது இல்லாமல் 36 என்ற எண் மட்டும் கையில் இருக்கும், லொறி எந்த வழியாகப் போவது என்று சாரதிக்குச் சொல்ல முடியாது. இங்கே நுகேகொடையிலிருந்து பின்னோக்கிப் போனால் கிருலப்பனை, பொரளை, மருதானை, புறக்கோட்டை என்று வழி தெளிவாகக் கிடைக்கிறது.

திரும்பி வரும் வழிக்கும் இதே அட்டவணை என்று கடைசியில் போட்டிருந்தீர்களே, அதுவும் எல்லா இடத்துக்கும் சரிவராது. கொள்ளுப்பிட்டிப் பக்கம் காலி வீதி ஒருவழிப் பாதை. அப்படிப்பட்ட வீதிகள் இருந்தால் அம்புக்குறி போட்டு, நுகேகொடைக்கு 0 கொடுத்துப் புதிதாகத் தொடங்கவேண்டும்.

வரும் ஞாயிறு திருத்திய அட்டவணையை வெட்டிய எண்களோடு முழுதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
கணித ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 6